அழகர் ஆற்றில் இறங்கிய அன்று: திருவிழா நினைவைக் குடும்ப மலருக்கு எழுதுவோர் கேட்ட கேள்விகள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வகையறாவுக்கு ஒரு மலர் வருகிறது. நாலு பக்கம். வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆகப் போகும், கண் மங்கிய பெரியவர்களுக்கு மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தபாலில் போகும். தொகுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. சித்திரை இதழ் என்றால் மதுரைத் திருவிழாவைப் பற்றி யாராவது எழுதியே தீருவார்கள். எழுதுவதற்கு முன்னால் அவர்கள் போன் போட்டுக் கேட்டவையும் நான் சொன்னவையும் கீழே. வேறு ஊர், வேறு திருவிழா என்றாலும் ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டு படிக்கலாம்.

பன்னிரண்டு நாள் திருவிழா. கொடியேற்றத்திலிருந்து ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். கொடியேற்றம், பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, தசாவதாரம், பூப்பல்லக்கு என்று வரிசையாகப் போனால் அது கோயில் வாசலில் கொடுக்கிற நிகழ்ச்சி நிரலாகிவிடும். அதைப் பத்திரிகைக்காரர்கள் நம்மைவிட நன்றாகவே போடுகிறார்கள்.

ஒரே ஒரு இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு நாலு மணி நேரம். எங்கள் மலரில் இதுவரை நன்றாக வந்த கட்டுரைகள் எல்லாம் அப்படித்தான் வந்தன. ஒன்று முழுக்க முழுக்க மொட்டை மாடியில் நடக்கிறது: இருபத்து மூன்று பேர் படுத்திருக்கிறார்கள், பாய் ஒன்பதுதான், யாருக்கும் தூக்கம் வரவில்லை. அழகர் அந்தக் கட்டுரையில் வரவே இல்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

எந்த வருஷம் என்பதில் எனக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை. எப்படித் தீர்ப்பது?

யார் உரக்கச் சொல்கிறார்கள் என்பதை வைத்துத் தீர்க்காதீர்கள். நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு சின்னப் பொருளைப் பிடியுங்கள். அதற்குத் தேதி இருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். சித்தி எழுதிய கட்டுரைக்கு 2018 என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். சித்திக்கு வருஷம் நினைவில்லை. ஆனால் அழகருக்குச் சூடம் காட்டத் தூக்கிய சர்க்கரைச் சொம்பைப் பிடித்திருந்த கையில், மஞ்சள் கறைக்குப் பக்கத்தில் விரலில் மை இருந்தது என்றார். மை என்றால் ஓட்டு. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 18. அன்றைக்குத்தான் மதுரையில் தேரோட்டம். அதனால் மதுரைத் தொகுதியில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட அனுமதித்தார்கள். மறுநாள் 19-ஆம் தேதி காலையில் அழகர் ஆற்றில் இறங்கினார். அத்தோடு பெரியம்மாவின் 2018 போய்விட்டது. "மை அழியறதுக்குள்ள ஒரு கட்டுரையா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு பொறி இருக்கிறது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் மதுரைக்கு வரவில்லை. அவருடைய விழா அழகர் கோவில் வளாகத்துக்குள்ளேயே நடந்தது. 2020-இல் திருக்கல்யாணத்தையும் நாம் வீட்டில் உட்கார்ந்து நேரலையில்தான் பார்த்தோம். அந்த இரண்டு வருஷத்தில் ஆற்றங்கரையில் நின்றதாக யாராவது எழுதினால், அது முந்திய வருஷமோ பிந்திய வருஷமோதான். திரும்பவும் வழக்கம்போல் நடந்தது 2022-இல்.

நாள் குழப்பமும் அடிக்கடி வரும். திருக்கல்யாணம், மறுநாள் தேர், அதற்கு மறுநாள் ஆறு என்பது வழக்கமான வரிசை. தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கிற எதிர்சேவை, ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள். "கல்யாணம் பார்த்துட்டு அப்படியே ஆத்துக்குப் போனோம்" என்று எழுதியிருந்தால் நடுவில் ஒரு நாள் காணாமல் போயிருக்கிறது. அந்த நாளில் எங்கே தங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் நல்ல கதை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார் என்ற கதையை எழுத வேண்டுமா?

மதுரையில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் நம் வீட்டில் டொராண்டோவில் பிறந்த பேரன் பேத்திகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வரி போதும். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த அழகர், வைகைக்கு வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குப் போய்விடுகிறார். இது மக்கள் சொல்லும் கதை. கோயில் வழக்கில் காரணம் வேறு: தவளையாகும்படி சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க வருகிறார். இரண்டு கதையையும் சொல்லி, உங்கள் வீட்டில் எதை நம்பினார்கள் என்று எழுதுங்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு அண்ணன் தங்கை கதைதான். "அண்ணன் வாறதுக்குள்ள தாலி கட்டுனா கோவம் வராதா?" என்று நியாயம் பேசும். அப்பத்தாவின் சொந்தக் கல்யாணத்தில் அண்ணன் வந்த பஸ் மேலூரில் நின்றுபோய், முகூர்த்தம் தவறிய விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புராணத்தில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. மலரில் இடம் கொடுக்க வேண்டியது இந்த மாதிரித் தொடர்புக்குத்தான். மீனாட்சி கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று தனித்தனியாக இருந்த இரண்டு விழாக்களையும் சித்திரையில் ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் 'அருமையாக இருந்தது' என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை.

ருசியைச் சொல்லவே முயலாதீர்கள். அளவையும் நேரத்தையும், கூடவே யார் கை என்பதையும் எழுதுங்கள். ருசி தானாக வந்துவிடும்.

ஆற்றுக்குப் போகிற கட்டுச்சோறு என்றால் எங்கள் வீட்டில் புளியோதரையும் தயிர்ச்சோறும். இரண்டுக்கும் காரணம் உண்டு. சித்திரை வெயிலில் புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த சோறு சாயங்காலம் வரை கெடாது. தயிர்ச்சோறு அப்படி இல்லை, மதியத்துக்குள் புளித்துவிடும். அதற்குப் பெரியம்மா ஒரு வித்தை வைத்திருந்தார். ராத்திரி இரண்டரை மணிக்குச் சோற்றைக் குழைய வடித்து, ஆறவைத்து, தயிர் ஊற்றாமல் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைவார். கடைசியில் ஒரே ஒரு கரண்டி தயிர். தூக்குவாளியை மூடிவிட்டால், காலை ஒன்பது மணிக்கு ஆற்று மணலில் திறக்கும்போது பால் உறைந்து புளிக்காத தயிர்ச்சோறாகியிருக்கும். இந்த ஐந்து வரியைப் படித்தால் போதும், யாரும் "அருமை" என்ற சொல்லைத் தேட மாட்டார்கள்.

அளவு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பெரியவர்கள் "மூணு படி போட்டோம்" என்பார்கள். படி வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறும். பரணில் பழைய படி இருந்தால் இறக்கி, அரிசியைத் தலைதட்டி அளந்து தராசில் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுப் படி 1 கிலோ 400 கிராம் காட்டியது. மூன்று படி என்றால் நாலு கிலோவுக்குச் சற்று மேல். இருபத்து மூன்று பேருக்குக் காலையும் மதியமும் சரியாக இருக்கும். படிக்கு 200 கிராம் புளி, கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நல்லெண்ணெய் என்பது பெரியம்மா கணக்கு. கைப்பிடி, கண்ணளவு என்று சொல்கிறவர்களை ஒருமுறை சமைக்க வைத்து, போடுவதற்கு முன்னால் கிண்ணத்தில் வாங்கி எடை பாருங்கள். முறைப்பார்கள். பரவாயில்லை.

செய்முறை முழுவதையும் கட்டுரைக்குள் திணிக்காதீர்கள். நடுவில் கடலைப்பருப்பு வறுக்க ஆரம்பித்தால் கதை அடுப்படியிலேயே நின்றுவிடும். பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டித் தனியாகப் போட நான் இடம் தருகிறேன்.

வழியில் கிடைத்ததையும் மறக்க வேண்டாம். மண்டகப்படிகளிலும் தண்ணீர்ப் பந்தல்களிலும் கொடுத்த நீர்மோர், பானகம், விசிறி, எல்லாமே நினைவுதான். ஆனால் எல்லாவற்றையும் பட்டியல் போடாமல், எந்தப் பந்தலில் இரண்டாவது டம்ளர் வாங்க வெட்கப்படாமல் திரும்பப் போனீர்கள் என்று எழுதுங்கள்.

'லட்சக்கணக்கான மக்கள்' என்று எழுதலாமா?

எழுதினால் தப்பில்லை, ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்தை அது உங்களுக்குச் செய்ததை வைத்து அளக்கலாம். செல்லூர் வீட்டிலிருந்து ஆற்றுக்கு நடந்தால் இருபது நிமிஷம். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. போகும்போது ஆறு ஜோடி செருப்பு குறைந்தது. சின்ன மாமா பிள்ளைகளின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டைப் போட்டு ஊக்குக் குத்தினார். "காணாமப் போனா அழுகக் கூடாது, கோரிப்பாளையம் தேவர் சிலைகிட்ட போயி நில்லு" என்று எல்லோருக்கும் பாடம் நடந்தது. பாடம் எடுத்த மாமாதான் காணாமல் போனார்.

இன்னொன்று. எழுதியதைப் படித்துப் பார்க்கும்போது, நீங்கள் எந்த இடத்திலிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தங்கக் குதிரை, பச்சைப் பட்டு, சுற்றிலும் கடல் போல் தலைகள், நடுவே அழகர் என்று மேலிருந்து பார்த்த மாதிரி எழுதியிருந்தால், அது உங்கள் நினைவு இல்லை, டி.வி. கேமராவின் நினைவு. கீழே நின்றவர்களுக்குத் தெரிந்தது முன்னால் நிற்பவரின் முதுகும், தூரத்தில் குடையின் உச்சியும், சில நேரம் குதிரையின் காதும்தான். "கோவிந்தா" என்ற சத்தம் முன்வரிசையிலிருந்து அலையாகப் பின்னால் வருவதை வைத்துத்தான் அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார் என்றே தெரியும். வேண்டுதல்காரர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் முதலில் முகத்தில் படும், யார் பீய்ச்சினார்கள் என்று அப்புறம்தான் தெரியும். சரியாகப் பார்க்க முடியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். பார்த்ததாக எழுதியவர்களைவிட அவர்களை நான் அதிகம் நம்புகிறேன்.

நான் 'அத்தை' என்று எழுதினால் யார் என்று எல்லோருக்கும் புரியுமா?

புரியாது. எங்கள் மலரில் வந்த புகார்களில் பாதி இதைப் பற்றித்தான். என் அத்தை உங்களுக்குப் பெரியம்மா, உங்கள் மகனுக்கு அப்பத்தா, என் மனைவிக்கோ மாமியார் வகையில் சின்னம்மா. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை, கல்யாணமானால் மாமியாரும் அத்தை. ஒரே கட்டுரையில் மூன்று அத்தைகள் புளியோதரை கட்டினால் வாசகர் திணறிப்போவார்.

நாங்கள் கண்டுபிடித்த வழி இது. எல்லா உறவையும் ஒரே ஆளிடமிருந்து எண்ணுவது. எங்களுக்கு அது அப்பத்தா. முதல் முறை வரும்போது "அப்பத்தாவின் மூன்றாவது மகள், செல்லூர் அத்தை" என்று முழுதாக எழுதிவிட வேண்டும். அதன்பின் "செல்லூர் அத்தை" போதும். ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ முன்னால் ஒட்டினால் யாருக்கும் குழப்பம் வராது. பேச்சிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம், தேனி மாமா, விருதுநகர் மதினி என்று.

நம் வீட்டுக்கு வாழ வந்தவர்களையும் வெளியே கல்யாணம் கட்டிப் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு இதழில் இருபது பேர் பெயர் வந்தது, இட்லிக்கு மாவாட்டிய மதினி பெயர் வரவில்லை. அடுத்த இரண்டு கல்யாணத்தில் எனக்குப் பந்தியில் கவனிப்பே இல்லை.

பேச்சுத் தமிழில் எழுதலாமா, எழுத்துத் தமிழா?

கதை சொல்கிற வரிகள் சாதாரண எழுத்துத் தமிழில் இருக்கட்டும். ஆட்கள் பேசுவது அவர்கள் பேசுகிறபடியே. பெரியம்மா "அங்கிட்டுப் போகாத, பைய வா" என்றால் அதை "அந்தப் பக்கம் செல்லாதே, மெதுவாக வா" என்று மாற்றக் கூடாது. மாற்றினால் அது பெரியம்மா இல்லை.

அன்றைக்கு வீட்டில் ஒரு சண்டை நடந்தது. அதை எழுதலாமா?

உங்கள் பங்குக்கு நீங்கள் செய்த தப்பு என்றால் தாராளமாக. இன்னொருவர் தப்பு என்றால் அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான். இறந்தவர் என்றால் அவருடைய பிள்ளைகளிடம். சொத்து, சீர், மொய் மூன்றையும் நான் எடுத்துவிடுவேன், கேட்கவே மாட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் அவை ஆறுவதில்லை.

சாப்பாட்டுச் சண்டைகள் மட்டும் விதிவிலக்கு. ஒரு வருஷம் முப்பது பொட்டலம் கட்டியிருந்தோம். சொல்லாமல் வந்தவர்களோடு நாற்பத்திரண்டு பேர் ஆகிவிட்டார்கள். எண்ணிக்கையை வாங்கி வரச் சொன்னது என்னிடம். நான் முந்தின வருஷக் கணக்கைச் சொல்லிவிட்டேன். பெரியவர்கள் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லி, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வீடு திரும்பியதும் விருதுநகர் மதினி தனியாக அடுப்பு மூட்டி உப்புமா கிண்டியதும், அப்போது என்னைப் பார்த்த பார்வையும் மலரில் அப்படியே வந்தன. மதினி படித்துவிட்டு, உப்புமா இல்லை, சேமியா என்று திருத்தம் அனுப்பினார்.

அம்மாவுக்கு 82 வயது. எழுத முடியாது, சொல்வார். எப்படி வாங்குவது?

"திருவிழா எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்று முடிந்துவிடும். கையில் வேலை இருக்கும்போது கேளுங்கள். புளி கரைக்கும்போது, பூ கட்டும்போது. பதில் ஒற்றைச் சொல்லில் வராத கேள்வியாகக் கேளுங்கள்: சொம்பை யார் பிடித்திருந்தார்கள், எந்தச் சேலை, பிள்ளையை யார் தோளில் ஏற்றினார், திரும்பி வரும்போது யார் வரவில்லை. போனில் பதிவு செய்வதாக முன்பே சொல்லிவிடுங்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ஒரே கதையை இரண்டாம் முறை சொன்னால் நிறுத்தாதீர்கள். இரண்டாம் முறையில்தான் ஆட்களின் பெயர் வரும்.

எவ்வளவு எழுதலாம்?

முந்நூறு சொல், ஒரு படம். பக்கம் நிறைந்துவிடும். படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாக எழுதி அனுப்புங்கள். இது வராததால் இன்னும் மூன்று படம் என்னிடம் தூங்குகிறது.

திருத்துவதற்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்ட முடியுமா?

சித்தி சம்மதித்ததால் காட்டுகிறேன். முதலில் அனுப்பியது இப்படி ஆரம்பித்தது:

"மதுரை என்றாலே நினைவுக்கு வருவது சித்திரைத் திருவிழா. லட்சக்கணக்கான பக்தர்கள் கூடும் இவ்விழாவில் நாங்கள் குடும்பத்துடன் கலந்துகொண்டு அழகரைக் கண்குளிரத் தரிசித்தோம். உறவினர்கள் அனைவரும் ஒன்றுகூடி அறுசுவை உணவு உண்டு மகிழ்ந்தோம்."

போன் போட்டு நாலே கேள்வி கேட்டேன். எங்கே நின்றீர்கள்? கையில் என்ன இருந்தது? யார் திட்டினார்கள்? எப்போது சாப்பிட்டீர்கள்? பதில்களைச் சித்தியே எழுதி அனுப்பினார். நான் சேர்த்தது ஆண்டு மட்டும்:

"2019. முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். வந்து பித்தளைச் சொம்பை விளக்கி, நாட்டுச் சர்க்கரையும் பொரிகடலையும் நிரப்பி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டி வைத்தேன். மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஆழ்வார்புரம் போய்ச் சேருவதற்குள் விடிய ஆரம்பித்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு உயரமான ஆள். அவர் தோளில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை 'வந்திருச்சு, வந்திருச்சு' என்று சொல்வதை வைத்துத்தான் எனக்குச் சாமி வந்தது தெரியும். இலை மேல் சூடம் ஏற்றிச் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கினேன். யாரோ பீய்ச்சிய தண்ணீரில் சூடம் அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றத் தீப்பெட்டி நனைந்திருந்தது. 'மேலச் சேலைய ஒதுக்கிப் பிடிக்கத் தெரியல, சூடம் ஏத்த வந்துட்டா' என்று அக்கா திட்டினாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மா தன் சொம்பை என் சொம்போடு ஒட்டி, அந்தச் சூடத்திலிருந்து பற்றவைத்துக் கொடுத்தார். ஒன்பது மணிக்கு மணலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தோம். தயிர் உறைந்திருந்தது."

இதில் சித்தியின் அக்கா என்று வருவது நம் பெரியம்மா. வருஷத்தை விட்டுக்கொடுத்தவர், திட்டியதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. தீப்பெட்டி கொண்டுபோனது சித்தி இல்லை, தானே என்று அடுத்த இதழுக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.